தங்க விலையை அமெரிக்க மெய் வட்டியோடும் டாலரோடும் சேர்த்துப் படிப்பது எப்படி?

தங்கம் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று கேட்டால் "டாலர் வலுத்தது", "வட்டி உயர்ந்தது" என்று ஒற்றை வரியில் பதில் கிடைக்கும். எந்த வட்டி, எந்த டாலர், எவ்வளவு உயர்ந்தால் எவ்வளவு இறங்கும், நம் ஊர் நகைக்கடைப் பலகையில் அது ஏன் சில சமயம் தெரிவதே இல்லை என்று அடுத்து கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. இவற்றை நானே தேடித் தொகுத்தபோது, தகவல் எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் எதை எடுக்க வேண்டும் என்பதுதான் எங்கும் எழுதப்படவில்லை என்று தெரிந்தது. புதிதாகத் தொடங்குபவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் செய்து முடிக்கக்கூடிய வரிசையில் இங்கே தருகிறேன். இது வாங்கலாமா விற்கலாமா என்று சொல்லும் கட்டுரை அன்று. விலை நகர்ந்தபின் ஏன் நகர்ந்தது என்பதைப் பிரித்துப் பார்க்கும் வழி மட்டுமே.

1. முதலில் சரியான வட்டியைத் தேர்ந்தெடுங்கள்

மெய் வட்டி என்பது பணவீக்கத்தைக் கழித்தபின் மிஞ்சும் வட்டி. பலர் இங்கேயே தடம் மாறுகிறார்கள். நம் வங்கியின் வைப்பு வட்டியிலிருந்து இந்தியாவின் பணவீக்கத்தைக் கழித்து, அதைத் தங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எந்தத் தொடர்பும் தெரியாது. உலகச் சந்தையில் தங்கம் டாலரில் விலை பேசப்படுகிறது. அதை வைத்திருக்கும் பெருநிதிகள் மாற்றாகக் கருதுவது அமெரிக்க அரசின் பத்திரங்களை. ஆகவே நமக்கு வேண்டியது அமெரிக்காவின் மெய் வட்டி.

அதைக் கழித்துக் கண்டுபிடிக்கும் வேலையும் நமக்கு இல்லை. அமெரிக்கக் கருவூலம் 1997 முதல் பணவீக்கக் காப்புப் பத்திரங்களை வெளியிட்டு வருகிறது. சந்தையில் இவற்றை டிப்ஸ் என்பார்கள். இந்தப் பத்திரத்தின் அசல் தொகையே நுகர்வோர் விலைக் குறியீட்டோடு சேர்ந்து உயரும். எனவே சந்தையில் இதற்குக் கிடைக்கும் ஈட்டு விகிதம், அதாவது இன்றைய விலைக்கு வாங்குபவர் பெறும் ஆண்டு வருமானம், பணவீக்கத்துக்கு மேல் எவ்வளவு கிடைக்கும் என்பதை நேரடியாகவே காட்டிவிடும். பத்தாண்டு டிப்ஸின் ஈட்டு விகிதத்தைத்தான் தங்கத்தோடு ஒப்பிடப் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள்.

பொறி ஒன்று: கடந்த மாதத்துப் பணவீக்கத்தைக் கழிக்காதீர்கள். தங்கம் வைத்திருப்பவருக்கு முக்கியம் இனி வரப்போகும் ஆண்டுகளின் பணவீக்கம். சாதாரணப் பத்தாண்டுப் பத்திரத்தின் ஈட்டு விகிதத்திலிருந்து டிப்ஸ் விகிதத்தைக் கழித்தால் வருவதே சந்தை எதிர்பார்க்கும் பணவீக்கம். இம்மூன்றும் எப்போதும் ஒரே கணக்கில் கட்டுண்டவை என்பதால், இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாகவே வந்துவிடும்.

2. எதிர்த்திசையில் நகர்வதன் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

தங்கம் வட்டி தராது, ஈவுத்தொகை தராது. பாதுகாக்கச் செலவும் உண்டு. பங்குபோல் சந்தையில் வாங்கி விற்கப்படும் தங்க நிதிகளான ஈ.டி.எஃப்.களில் அமெரிக்காவின் மிகப் பெரியது ஆண்டுக்கு 0.40 சதவீதம் கட்டணமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒருவர் தங்கத்தை வைத்திருக்கும்போது உண்மையில் இழப்பது, அதே பணத்தைப் பத்திரத்தில் போட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மெய் வட்டியை.

1,000 டாலரைப் பத்து ஆண்டுகளுக்கு ஒதுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மெய் வட்டி கழித்தல் 1 சதவீதமாக இருந்தால், பத்திரத்தில் போட்ட பணத்தின் வாங்கும் திறன் பத்து ஆண்டு முடிவில் சுமார் 904 டாலராகக் குறைந்திருக்கும். அரசே உறுதி தரும் பத்திரத்தில் நட்டம் நிச்சயம் என்கிறபோது, வட்டி தராத தங்கம் ஒரு குறையாகவே தோன்றாது. மெய் வட்டி கூட்டல் 2 சதவீதமானால் அதே 1,000 டாலர் சுமார் 1,219 டாலரின் வாங்கும் திறனைப் பெறும். இப்போது தங்கத்தை வைத்திருப்பவர், எந்த அபாயமும் இல்லாமல் கிடைக்கக்கூடிய அந்த 219 டாலரை விட்டுக்கொடுக்கிறார். அதை ஈடுகட்டும் அளவுக்குத் தங்கத்தின் இன்றைய விலை குறைந்தால்தான் அவர் அதை வாங்கச் சம்மதிப்பார். மெய் வட்டி ஏறும்போது தங்கம் இறங்குவதன் காரணம் இதுவே.

பொறி இரண்டு: "வட்டி உயர்ந்தால் தங்கம் இறங்கும்" என்பது பாதி உண்மைதான். பெயரளவு வட்டி, அதாவது பணவீக்கத்தைக் கழிக்காத வட்டி, 4 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்ந்து, எதிர்பார்க்கப்படும் பணவீக்கம் 2 சதவீதத்திலிருந்து 3.5 சதவீதமாக உயர்ந்தால், மெய் வட்டி 2 சதவீதத்திலிருந்து 1.5 ஆகக் குறைந்திருக்கிறது. வட்டி உயர்ந்தும் தங்கம் ஏற இடமுண்டு. இதன் மறுபக்கமும் உண்டு. பணவீக்கப் புள்ளிவிவரம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்த நாளில் தங்கம் சடாரென்று இறங்குவதைப் பார்த்துப் புதியவர்கள் திகைப்பார்கள். அமெரிக்க மத்திய வங்கி இனி வட்டியைக் கடுமையாக உயர்த்தும் என்று சந்தை கணித்து, அந்த நாளில் பெயரளவு வட்டியைப் பணவீக்க எதிர்பார்ப்பைவிட அதிகமாக ஏற்றியிருக்கும். தொலைக்காட்சியில் "பணவீக்கம் ஏறினால் தங்கம் ஏறும்" என்று சொல்பவர்கள் இந்த இடைப்படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

3. டாலரைத் தனிக் காரணமாக எண்ணுவதற்கு முன் நிதானியுங்கள்

டாலர் வலுத்தால் தங்கம் இறங்குவதற்கு முதல் காரணம் அளவுகோல். ஓர் அவுன்ஸ் 1,400 டாலர், ஒரு யூரோ 1.40 டாலர் என்றால் ஐரோப்பியருக்கு விலை 1,000 யூரோ. யூரோ 1.25 டாலராக இறங்கி, தங்கத்தின் டாலர் விலை அப்படியே நின்றால் அவர் 1,120 யூரோ தர வேண்டும். அவருடைய தேவை குறையும். அவர் முன்பு தந்த 1,000 யூரோவிலேயே விலை நிற்க வேண்டுமானால், டாலர் விலை 1,250 வரை இறங்க வேண்டும். உலகின் தங்கத்தில் பெரும்பகுதியை வாங்குபவர்கள் டாலருக்கு வெளியே இருக்கிறார்கள் என்பதால், இந்த இழுபறியில் டாலர் விலையே பெரும்பாலும் விட்டுக்கொடுக்கிறது.

இரண்டாவது காரணம், டாலரும் மெய் வட்டியும் ஒரே ஊற்றிலிருந்து வருவது. அமெரிக்காவில் மெய் வட்டி உயர்ந்தால் உலகப் பணம் அங்கே போகும், டாலரும் வலுக்கும். எனவே ஒரே வாரத்தில் மெய் வட்டியும் டாலரும் உயர்ந்து தங்கம் இறங்கினால், "இரண்டு காரணங்கள்" என்று எண்ணி இரண்டு முறை கணக்கில் சேர்ப்பது பிழை. டாலர் மட்டும் நகர்ந்து மெய் வட்டி அசையாத வாரங்களில்தான் டாலரின் தனிப் பங்கு தெரியும்.

4. தேவையான ஆவணங்கள், செலவு, காலம்

செயின்ட் லூயிஸ் மத்திய ரிசர்வ் வங்கியின் தரவுத் தளமான fred.stlouisfed.org-இல் கணக்குத் தொடங்காமலே கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம். கட்டணம் இல்லை. தேடுபெட்டியில் இந்தக் குறிகளை அப்படியே தட்டச்சு செய்யுங்கள்:

- `DFII10` – பத்தாண்டு டிப்ஸ் ஈட்டு விகிதம். 2003 ஜனவரியிலிருந்து கிடைக்கும்.
- `DGS10` – சாதாரணப் பத்தாண்டுப் பத்திரத்தின் ஈட்டு விகிதம்.
- `T10YIE` – இவ்விரண்டின் வித்தியாசம், அதாவது எதிர்பார்க்கப்படும் பணவீக்கம்.
- `DTWEXBGS` – பல நாணயங்களுக்கு எதிரான பரந்த டாலர் குறியீடு.
- `DEXINUS` – ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய்.

தங்க விலை மட்டும் இந்தத் தளத்தில் இல்லை. லண்டன் நிர்ணய விலையை உலகத் தங்க மன்றத்தின் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து பெறலாம். அது ஒரு டிராய் அவுன்ஸுக்கு, அதாவது 31.1035 கிராமுக்கு, டாலர் கணக்கில் இருக்கும்.

செய்திகளில் வரும் டாலர் குறியீடு வேறு, பரந்த குறியீடு வேறு என்பதைக் கவனியுங்கள். செய்தியில் வரும் `DXY` ஆறே நாணயங்களால் ஆனது, அதில் யூரோவின் பங்கு மட்டும் 57.6 சதவீதம். இந்திய ரூபாயும் சீன யுவானும் அதில் இல்லவே இல்லை. தங்கத்தை அதிகம் வாங்கும் இரு நாடுகளின் நாணயங்கள் இல்லாத குறியீட்டை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. பரந்த குறியீட்டில் இரண்டும் உண்டு. ஆனால் அதுவும் ரூபாய் மாற்று விகிதமும் வாரம் ஒருமுறை, வழக்கமாகத் திங்களன்றுதான் புதுப்பிக்கப்படும். வட்டித் தொடர்கள் ஒரு வேலைநாள் தாமதத்தில் வந்துவிடும்.

5. வார மாற்றங்களை விரிதாளில் அடுக்குங்கள்

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையின் எண்ணை மட்டும் எடுங்கள். அன்று அமெரிக்க விடுமுறையானால் கட்டம் காலியாக இருக்கும், வியாழன் எண்ணை வையுங்கள். நாள்வாரியாக ஒப்பிட வேண்டாம் என்பதற்குக் காரணம் கடிகாரம். லண்டன் மாலை விலை அங்கே பிற்பகல் 3 மணிக்கு நிர்ணயமாகிறது. கருவூலத்தின் ஈட்டு விகிதங்களோ நியூயார்க்கில் பிற்பகல் 3.30 மணி அளவில் எடுக்கப்படுகின்றன. இடையில் ஐந்தரை மணி நேரம் இருக்கிறது. அமெரிக்கச் செய்தி ஒன்று அந்த இடைவெளியில் வந்தால் வட்டி இன்றைய தேதியிலும், தங்கம் நாளைய தேதியிலும் அசையும். நாள்வாரிக் கணக்கு இதனாலேயே உறவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

தங்கத்துக்கு வாரச் சதவீத மாற்றத்தையும், மெய் வட்டிக்கு வாரப் புள்ளி மாற்றத்தையும் கணக்கிட்டு, கடைசி 52 வாரங்களுக்கு ஒட்டுறவுக் கெழுவைப் பாருங்கள். இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதை −1 முதல் +1 வரை காட்டும் எண் இது, கழித்தல் என்றால் எதிர்த்திசை. E நிரலில் தங்கத்தின் மாற்றமும் F நிரலில் மெய் வட்டியின் மாற்றமும் இருந்தால்:

```
=CORREL(E2:E53, F2:F53)
```

விடை −0.5-க்கு அருகிலோ அதற்குக் கீழோ இருந்தால் உறவு நன்றாகவே வேலை செய்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். பூச்சியத்தை ஒட்டி இருந்தால் அந்தக் காலத்தில் வேறு ஏதோ ஒன்று விலையை ஓட்டுகிறது. மாற்றங்களுக்குப் பதிலாக விலைகளையும் விகிதங்களையும் நேரடியாகப் போட்டு −0.9 என்று ஒரு பிரமிப்பூட்டும் எண்ணைப் பெறுவது பலர் செய்யும் வேலை. நீண்ட காலம் ஒரே திசையில் செல்லும் எந்த இரண்டு வரிசைகளும் அப்படிக் காட்டும், அதை நம்பாதீர்கள்.

6. 2013ஆம் ஆண்டை எடுத்து ஒத்திகை பாருங்கள்

உறவு பாடப்புத்தகம்போல் வேலை செய்ததையும், அதே வேளையில் இந்தியாவில் அது கண்ணுக்கே தெரியாமல் போனதையும் ஒரே ஆண்டில் காணலாம் என்பதால் இதைப் பரிந்துரைக்கிறேன்.

2013 ஏப்ரல் இறுதியில் பத்தாண்டு மெய் வட்டி கழித்தல் 0.6 சதவீத அளவில் இருந்தது, தங்கம் சுமார் 1,470 டாலர். மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, மாதந்தோறும் பத்திரங்கள் வாங்குவதை இனிவரும் கூட்டங்களில் குறைக்கக்கூடும் என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். ஜூன் இறுதியில் மெய் வட்டி கூட்டல் 0.5 சதவீதத்தை எட்டியது, தங்கம் 1,200 டாலருக்குச் சற்றுக் கீழே வந்தது. ஒரு புள்ளிக்குச் சற்று மேலான வட்டி உயர்வுக்கு விலையில் ஏறத்தாழ 19 சதவீத வீழ்ச்சி.

இதை இன்னும் பிரித்துப் பாருங்கள். பெயரளவு வட்டி 1.7 சதவீதத்திலிருந்து 2.5 ஆக உயர்ந்தது, அதாவது 0.8 புள்ளி. எதிர்பார்க்கப்பட்ட பணவீக்கம் 2.3 சதவீத அளவிலிருந்து 2.0 ஆகக் குறைந்தது. இரண்டும் சேர்ந்துதான் மெய் வட்டியை அவ்வளவு தூக்கின. `DGS10`-ஐ மட்டும் பார்த்தவரின் கண்ணில் நகர்வின் கால் பங்குக்கு மேற்பட்ட பகுதி படாமலே போயிருக்கும். அந்த இரண்டு மாதங்களில் `DXY` இரண்டு சதவீத அளவே உயர்ந்தது. ஆகவே அந்த வீழ்ச்சியை டாலர் வலுத்ததன் விளைவு என்று சொல்வதற்கு எண்கள் இடம் தரவில்லை.

ஒத்திகையின் இரண்டாம் பாதி அவ்வளவு ஒழுங்கானது அன்று. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெய் வட்டி இறங்காதபோதும் தங்கம் மீண்டு ஆகஸ்ட் இறுதியில் 1,400 டாலரைத் தாண்டியது. பிறகு ஆண்டு முடிவில் மீண்டும் 1,200 அருகே வந்து நின்றது. சில வாரங்கள் உறவு விட்டுப்போவது வழக்கமே, அதைக் கண்டு கணக்கைத் தூக்கி எறியவும் வேண்டாம், அதை விளக்கக் கதை கட்டவும் வேண்டாம்.

7. ரூபாய் விலைக்கு மாற்றுங்கள்

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர் ஏமாறும் இடம் இதுதான். A நிரலில் டாலர் விலை, B நிரலில் ரூபாய் மதிப்பு, C நிரலில் இறக்குமதி வரி 6 சதவீதத்துக்கு 0.06 என்பதுபோல் இருந்தால், 24 காரட் ஒரு கிராமின் அடக்க விலை:

```
=(A2/31.1035)*B2*(1+C2)
```

2013 மே நடுவில் தங்கம் 1,400 டாலர், டாலர் 55 ரூபாய், வரி 6 சதவீதம். கிராமுக்கு 2,624 ரூபாய் வருகிறது. ஆகஸ்ட் இறுதியில் தங்கத்தை அதே 1,400 டாலராகவே வைத்துக்கொள்ளுங்கள். டாலர் 68 ரூபாயைத் தொட்டிருந்தது. ஜூனில் 8 சதவீதமாகவும் ஆகஸ்டில் 10 சதவீதமாகவும் வரி உயர்த்தப்பட்டிருந்தது. இப்போது கிராமுக்கு 3,367 ரூபாய். 22 காரட்டுக்கு 0.916-ஆல் பெருக்கி எட்டு கிராமுக்குக் கணக்கிட்டால், ஒரு சவரன் 19,230 ரூபாயிலிருந்து 24,670 ரூபாய்க்குப் போகிறது. உலக விலை ஒரு டாலர்கூட மாறாமல் சவரனுக்கு 28 சதவீத உயர்வு. இதன் மேல்தான் கடையின் செய்கூலியும் சேதாரமும்.

இது தற்செயலும் அன்று. அமெரிக்க மெய் வட்டியை உயர்த்திய அதே செய்திதான் இந்தியாவிலிருந்து பணத்தை வெளியேற்றி ரூபாயையும் இறக்கியது. உலக விலையில் வரும் சரிவை ரூபாயின் சரிவு ஈடுகட்டிவிடுவது அடிக்கடி நடப்பதன் காரணம் இதுவே. `DXY` சிறிதே நகர்ந்த அந்த மாதங்களில் ரூபாய் ஐந்தில் ஒரு பங்கு மதிப்பை இழந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், டாலர் குறியீட்டை ரூபாய்க்குப் பதிலாக வைக்கக் கூடாது என்பது விளங்கும்.

வரிக்குத் தனி நிரல் வைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 2024 ஜூலை 23 அன்று மத்திய நிதிநிலை அறிக்கையில் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைக்கப்பட்டு, உள்ளூர் விலை அன்றே சரிந்தது. அந்தச் சரிவுக்கும் மெய் வட்டிக்கும் தொடர்பே இல்லை. வரி மாறிய தேதியைக் குறிக்காவிட்டால் அந்த வாரம் உங்கள் கணக்கைக் கெடுத்துவிடும்.

8. 2022க்குப் பிறகு பழைய விகிதத்தைப் பயன்படுத்தாதீர்கள்

2022 தொடக்கத்தில் பத்தாண்டு மெய் வட்டி கழித்தல் 1 சதவீதம் அளவில் இருந்தது. ஆண்டு முடிவில் கூட்டல் 1.5 சதவீதம். செப்டம்பர் இறுதியில் `DXY` 114ஐத் தொட்டது. 2013 கணக்குப்படி தங்கம் சுமார் 40 சதவீதம் விழுந்திருக்க வேண்டும். மார்ச் உச்சத்திலிருந்து சுமார் 20 சதவீதம் இறங்கி 1,630 டாலர் வரை வந்தது உண்மை. ஆனால் 1,800 டாலர் அருகே தொடங்கிய ஆண்டு, ஏறத்தாழ அதே விலையில் முடிந்தது. பின்னர் மெய் வட்டி 2 சதவீதத்தை ஒட்டியே இருக்க, தங்கம் 2024 இறுதியில் 2,600 டாலருக்கு மேலும், 2025 அக்டோபரில் 4,000 டாலருக்கு மேலும் சென்றது.

வட்டியைப் பார்த்து வாங்காத ஒருவர் சந்தைக்குள் பெரிய அளவில் வந்திருப்பதே இதற்கு முக்கிய விளக்கம். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபின் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பு மேற்கு நாடுகளால் முடக்கப்பட்டது. வேறொரு நாட்டின் பத்திரமாக வைத்திருக்கும் சேமிப்பு முடக்கப்படக்கூடும் என்று கண்ட மத்திய வங்கிகள், 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. அவை டிப்ஸ் தரும் 2 சதவீதத்தைத் தங்கத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்வதில்லை. ஆகவே விலையின் மட்டம் மேலே போய்விட்டது. ஆனால் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குவதில் மெய் வட்டியின் கை இன்னும் இருக்கிறது. "மெய் வட்டி 2 சதவீதம் என்றால் தங்கம் இத்தனை டாலர்" என்று மட்டத்தைக் கணிக்கும் படங்களை ஒதுக்கிவிட்டு, மாற்றங்களை மட்டும் பாருங்கள்.

நெருக்கடி நாட்களையும் தனியாகக் குறித்துவையுங்கள். 2020 மார்ச்சில் எல்லோருக்கும் ரொக்கம் தேவைப்பட்டபோது டிப்ஸும் தங்கமும் சேர்ந்தே விற்கப்பட்டன. பத்து நாட்களில் தங்கம் 1,680 டாலரிலிருந்து 1,470 அளவுக்கு இறங்கியது. அந்த நாட்களில் டிப்ஸ் விகிதம் எகிறியது பொருளாதார எதிர்பார்ப்பைக் காட்டவில்லை, வாங்க ஆளில்லாததைக் காட்டியது.

9. எந்த நேரத்தில் பார்க்க வேண்டும்

அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு அங்கே காலை 8.30க்கு வருகிறது. நம் கடிகாரத்தில் மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை மாலை 6 மணி, மற்ற மாதங்களில் 7 மணி. மத்திய வங்கியின் கூட்ட முடிவு ஆண்டுக்கு எட்டு முறை, நமக்கு இரவு 11.30 மணிக்கோ 12.30 மணிக்கோ வெளியாகும். லண்டன் மாலை விலை நமக்கு இரவு 7.30 அல்லது 8.30 மணிக்கே முடிந்துவிடுவதால், கூட்ட முடிவின் விளைவு அதில் மறுநாள்தான் தெரியும். சென்னைக் கடைப் பலகையிலும் மறுநாள் காலையில்தான் பார்க்க முடியும், அதுவும் இரவோடு இரவாக ரூபாய் எந்தப் பக்கம் போனது என்பதையும் சேர்த்துக்கொண்டே வரும்.